சூடான வாயுவின் நிறமாலைக் கோடு ஏன் அகலமாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்கிறேன். சோடியம் விளக்கின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அதன் மஞ்சள் கோட்டைப் பார்க்கும் சோதனை வரும் வாரமெல்லாம் இந்தக் கேள்விகள் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் பள்ளிப் பிள்ளைகளும் சிலவற்றைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே வைத்திருக்கிறேன்.

சோடியம் அணு எல்லாம் ஒரே மாதிரிதானே சார்? அப்புறம் கோடு ஏன் தடியா இருக்கு?

அணு ஒரே மாதிரிதான். அது வெளியிடும் ஒளியும், அணுவோடு கூடவே போய்ப் பார்த்தால், கிட்டத்தட்ட ஒரே அலைநீளம்தான். ஆனால் நாம் நிற்கிறோம், அணு ஓடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இரவில் ஓரமாக நின்று கேட்டிருப்பீர்கள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறும், இறங்கும். எல்லா லாரியிலும் 400 ஹெர்ட்ஸ் ஹாரன்தான் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 20 மீட்டரில், நம்மை நோக்கி வரும் லாரியின் ஹாரன் 425 ஹெர்ட்ஸாகக் கேட்கும். நம்மைத் தாண்டிப் போன பிறகு அதே ஹாரன் 378 ஆகிவிடும். ஏற்றத்தில் முக்கிக்கொண்டு மெதுவாக வரும் லாரி 405 என்று கேட்கும். இப்போது நூறு லாரிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தால் உங்கள் காதில் விழுவது 400 என்ற ஒரே சுருதி இல்லை. 378 முதல் 425 வரை பரவிய ஒரு பட்டை.

விளக்குக்குள் இருக்கும் வாயுவிலும் இதுவேதான் நடக்கிறது. நம்மை நோக்கி வரும் அணுவின் ஒளி நீலப் பக்கம் கொஞ்சம் நகர்கிறது, விலகிப் போகும் அணுவின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. குறுக்காக ஓடும் அணுவின் ஒளி நகராமல் நடுவில் நிற்கிறது. கோடிக்கணக்கான அணுக்களின் இந்தச் சிறு நகர்வுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கோட்டுக்கு ஒரு அகலத்தைக் கொடுக்கின்றன. இதன் பெயர் டாப்ளர் விரிவு.

அப்போ கோடு மொத்தமா ஒரு பக்கம் நகரணுமே, ஏன் ரெண்டு பக்கமும் விரியுது?

மொத்த வாயுவும் ஒரே திசையில் போனால் கோடு நகரும். நம்மைவிட்டு விலகும் நட்சத்திரத்தில் அதைத்தான் பார்க்கிறோம். விளக்குக்குள் இருக்கும் வாயு எங்கும் போவதில்லை. இந்தப் பக்கம் எத்தனை அணு ஓடுகிறதோ, அந்தப் பக்கமும் அத்தனை. அதனால் நடு அப்படியே இருக்கிறது, இரண்டு பக்கமும் சரிசமமாக விரிகிறது.

நம் பார்வைக் கோட்டின் திசையில் மெதுவாகப் போகும் அணுக்கள்தான் அதிகம், வேகமாகப் போவன குறைவு. அதனால் கோட்டின் நடுவில் ஒளி செறிவாகவும், விளிம்புக்குப் போகப் போக மங்கலாகவும் இருக்கும். மணி வடிவத்தில் இறங்கும் இந்த வளைவு மேக்ஸ்வெல் கண்ட வேகப் பரவலின் நேரடி நிழல்.

அகலம் எவ்வளவுன்னு ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

தாராளமாக. சோடியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆய்வக விளக்கைப் போட்டதும் முதலில் சிவப்பாக எரியும். அது தொடக்கி வைப்பதற்காக அடைத்த நியான். சில நிமிடங்கள் கழித்துச் சோடியம் ஆவியாகி மஞ்சள் ஏறும். அப்போது ஆவியின் வெப்பநிலையைச் சுமார் 500 கெல்வின் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வேகம். ஒரு திசையில் அணுவின் சராசரி வேகப் பரவல் √(kT/m). k என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, m ஒரு அணுவின் நிறை. சோடியத்தின் அணு நிறை 23. எண்களைப் போட்டால் நொடிக்குச் சுமார் 425 மீட்டர் வருகிறது. ஒலியைவிட வேகம்தான். ஆனால் ஒளியோடு ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் 1.4 பங்கு மட்டுமே. லாரி ஹாரனில் 6 சதவீதம் மாறியது, இங்கே மாற்றம் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கோட்டின் அகலத்தை உச்சியில் அளக்க முடியாது, அடியிலும் முடியாது. உச்ச ஒளிச்செறிவில் பாதி உயரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அளப்பது வழக்கம். அதற்குப் பெயர் அரை உயர அகலம். மணி வளைவுக்கு அது மேலே சொன்ன பரவலைப் போல 2.355 மடங்கு. எல்லா மாறிலிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
Δλ = 7.16 × 10⁻⁷ × λ₀ × √(T / M)
```

T கெல்வினில், M அணு நிறை, λ₀ கோட்டின் நடு அலைநீளம். சோடியத்துக்கு T / M என்பது 500 / 23, அதன் வர்க்கமூலம் 4.66. இதை 7.16 × 10⁻⁷ ஆல் பெருக்கி, 589 நானோமீட்டராலும் பெருக்கினால் 0.002 நானோமீட்டர்.

இது எவ்வளவு சிறியது என்று உணர ஒரு ஒப்பீடு. D1, D2 என்று நாம் பிரித்துப் பார்க்கும் இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 0.6 நானோமீட்டர். அந்த இடைவெளியில் இப்படிப்பட்ட 300 அகலங்களை வரிசையாக அடுக்கலாம்.

வெப்பநிலையை ரெண்டு மடங்காக்கினா அகலமும் ரெண்டு மடங்காகுமா?

ஆகாது. 1.41 மடங்குதான் ஆகும். வெப்பநிலை என்பது அணுக்களின் சராசரி இயக்க ஆற்றல். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோட்டின் அகலமோ வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் வர்க்கமூலம் வருகிறது. அகலம் இரண்டு மடங்காக வேண்டுமானால் வெப்பநிலையை நான்கு மடங்காக்க வேண்டும். 500 கெல்வினில் 0.002 நானோமீட்டராக இருந்த சோடியம் கோடு 2000 கெல்வினில் 0.004 ஆகும்.

இங்கே ஒரு தப்பு வருடா வருடம் நடக்கிறது. விடைத்தாளில் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடமாகிவிட்டது. 500 கெல்வின் என்பது 227 டிகிரி செல்சியஸ், 2000 கெல்வின் என்பது 1727 டிகிரி. செல்சியஸையே சூத்திரத்தில் போட்டு விகிதம் எடுத்தால் 7.6 மடங்கு வரும், வர்க்கமூலம் 2.76. சரியான விடை 2. செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம் மட்டுமே, அங்கே அணுக்கள் நின்றுவிடுவதில்லை. இயக்கம் எங்கே அற்றுப்போகிறதோ அங்கிருந்து எண்ணத் தொடங்கும் கெல்வின் அளவுகோலில்தான் இந்த வர்க்கமூலத்துக்கு அர்த்தம்.

வர்க்கமூலத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. அகலத்தை அளப்பதில் 5 சதவீதம் பிசகினால் வெப்பநிலையில் அது 10 சதவீதப் பிழையாகிவிடும்.

ஸ்பெக்ட்ரோமீட்டர்ல நான் பாக்கற கோட்டோட தடிமன் இதுதானா?

இல்லை. நீங்கள் பார்ப்பது ஒளி உள்ளே நுழையும் குறுகிய பிளவான ஸ்லிட்டின் படம். சந்தேகமிருந்தால் உடனே சோதித்துப் பார்க்கலாம்: தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டே கொலிமேட்டரின் ஸ்லிட் திருகை மெல்லத் திருகுங்கள். ஸ்லிட் குறுகக் குறுக மஞ்சள் கோடும் மெலிந்துகொண்டே வரும். விளக்கின் வெப்பநிலை மாறவே இல்லை. வாயுவில் எதையும் தொடாமல் கோட்டின் தடிமன் மாறுகிறது என்றால் அந்தத் தடிமன் வாயுவுக்குச் சொந்தமில்லை, கருவிக்குச் சொந்தம்.

ஸ்லிட்டை முடிந்தவரை குறுக்கினாலும் ஒரு எல்லையில் நின்றுவிடும். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நம் கிரேட்டிங்கில் ஒரு அங்குலத்துக்கு 15,000 கோடுகள். அதில் 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒளி விழுந்தால் ஏறக்குறைய 12,000 கோடுகள் வேலை செய்யும். முதல் வரிசையில் அதனால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய இடைவெளி 589 / 12,000, அதாவது சுமார் 0.05 நானோமீட்டர். நமக்கு வேண்டியது 0.002. இருபத்தைந்து மடங்கு போதவில்லை. D1, D2 இரண்டையும் பிரிக்க இந்தக் கிரேட்டிங் தாராளம், ஆனால் டாப்ளர் அகலத்தைக் காட்ட அதனால் ஆகாது. அதற்கு ஃபாப்ரி-பெரோ மாதிரி ஒரு குறுக்கீட்டுமானி வேண்டும்.

நல்ல கருவியிலும் அதன் சொந்த அகலம் கொஞ்சம் கலந்தேதான் இருக்கும். இரண்டும் மணி வடிவமாக இருந்தால் அகலங்களை நேரடியாகக் கழிக்கக் கூடாது, வர்க்கங்களைத்தான் கழிக்க வேண்டும். அளந்த அகலம் 5, கருவியின் அகலம் 3 என்றால் வாயுவின் அகலம் 2 இல்லை, 4.

நல்ல கருவில அளந்தா சோடியம் கோடு கணக்கைவிட ரொம்ப அகலமா வருதாமே? கணக்கு தப்பா?

கணக்கு சரி, சோடியம்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதன் அணுக்கருவுக்கு ஒரு சுழற்சி உண்டு. அதனால் தரை நிலையே இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளவின் அளவு 1.77 கிகாஹெர்ட்ஸ், அலைநீளத்தில் சொன்னால் 0.002 நானோமீட்டர். நாம் கணக்கிட்ட டாப்ளர் அகலமும் அதேதான், அதிர்வெண்ணில் 1.7 கிகாஹெர்ட்ஸ். ஆக D2 என்று நாம் ஒரே கோடாகப் பேசுவதே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கோடுகளின் கூட்டம். ஒவ்வொன்றும் வெப்பத்தால் விரிந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்கின்றன. மொத்த அகலத்தை அப்படியே சூத்திரத்தில் போட்டு வெப்பநிலை எடுத்தால் பல மடங்கு அதிகமாகச் சொல்லிவிடும்.

இதோடு விளக்கின் நடுவிலிருந்து புறப்பட்ட ஒளியை ஓரத்தில் இருக்கும் சோடியம் ஆவியே விழுங்கும். உச்சியில்தான் அதிகம் விழுங்கும். உச்சி தட்டையானால் பாதி உயரம் கீழே இறங்குகிறது, அகலம் கூடியதுபோல் தெரிகிறது. ஆவி குறைவாக இருக்கும்போது அளந்தும், அதிகமாக இருக்கும்போது அளந்தும் பாருங்கள். அகலம் மாறினால் இந்த விழுங்கல் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஹைவே லைட்டை சி.டி.ல பாத்தேன். மஞ்சள் நடுவுல கறுப்பா ஒரு கோடு இருந்துச்சே, அது என்ன?

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளி மாணவி ஒருத்தி கேட்டது. பழைய சி.டி.யையும் அட்டைப்பெட்டியையும் வைத்துச் செய்த கருவியில் சாலையோர சோடியம் விளக்கைப் பார்த்திருக்கிறாள். நானும் பிறகு பார்த்தேன். மஞ்சள் இருக்க வேண்டிய இடம் ஒரு கோடாக இல்லை, அகலமான பட்டையாக இருக்கிறது, நட்டநடுவில் இருட்டான ஒரு பள்ளம்.

எல்.ஈ.டி. வருவதற்கு முன் சாலையெல்லாம் எரிந்த இளஞ்சிவப்பு கலந்த பொன்னிற விளக்கு உயர் அழுத்தச் சோடியம் விளக்கு. அதன் நடுவில் வெப்பநிலை சுமார் 4000 கெல்வின். சரி, டாப்ளர் கணக்கைப் போடுங்கள். 500 கெல்வினைவிட எட்டு மடங்கு வெப்பம், வர்க்கமூலம் 2.83, ஆக அகலம் 0.006 நானோமீட்டர்கூட வராது. அவள் பார்த்ததோ பல நானோமீட்டர் அகலமுள்ள பட்டை. வெப்பத்தால் இவ்வளவு வரவே வராது.

வேலை செய்வது அழுத்தம். அந்தக் குழாயில் சோடியம் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒளி வெளியிடும் அணுவைப் பக்கத்து அணுக்கள் ஓயாமல் இடித்து அதன் ஆற்றல் நிலைகளையே அசைத்துவிடுகின்றன. அலை சீராக நீண்டு போக விடாமல் வெட்டி வெட்டி விட்டால் அதன் அதிர்வெண் பரவிவிடும். நடுவில் உள்ள இருட்டு, குழாயின் ஓரத்தில் குளிர்ந்து நிற்கும் சோடியம் ஆவி 589 நானோமீட்டர் ஒளியை விழுங்கிய தடம்.

வெப்பத்தால விரிஞ்சதா, மோதல்ல விரிஞ்சதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஓரங்களைப் பாருங்கள். இரண்டுக்கும் அரை உயர அகலம் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து அந்த அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால், வெப்பத்தால் விரிந்த கோட்டில் ஒளி உச்சத்தில் 65,536ல் ஒரு பங்காகக் கரைந்திருக்கும். அவ்வளவு வேகத்தில் ஓடும் அணு அவ்வளவு அரிது. மோதலால் விரிந்த கோட்டிலோ அதே இடத்தில் இன்னும் 17ல் ஒரு பங்கு ஒளி மிச்சமிருக்கும். நீண்ட சிறகு தெரிந்தால் மோதல் என்று எழுதிக்கொள்ளலாம்.

வாயுவின் அழுத்தத்தை மாற்ற முடிந்தால் இன்னும் எளிது. வெப்பநிலையை அப்படியே வைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். மோதல் விரிவு கூடவே குறையும், டாப்ளர் விரிவு அசையாது. அடுப்புச் சுடரில் உப்பைத் தூவினால் வரும் மஞ்சளில் இரண்டும் ஏறத்தாழ சம அளவில் கலந்திருக்கும். அந்தக் கோட்டின் அகலத்தை மட்டும் வைத்துச் சுடரின் வெப்பநிலையைச் சொல்லக் கூடாது.

விண்வெளி வாயுவுல மோதல் கம்மிதானே? அங்க ஒரே ஒரு கோட்டோட அகலத்தை வெச்சு வெப்பநிலை சொல்லிடலாமா?

மோதல் தொல்லை அங்கே இல்லை, உண்மை. ஆனால் வேறு ஒன்று வந்துவிடுகிறது. நெபுலாவில் வாயு சும்மா நிற்பதில்லை, திரள் திரளாகக் கொந்தளிக்கிறது. ஒரு திரள் நம்மை நோக்கி வரும், இன்னொன்று விலகும். அதுவும் கோட்டை விரிக்கும், அதற்கும் வெப்பநிலைக்கும் சம்பந்தமில்லை.

இதைப் பிரிக்க ஒரு அழகான வழி உண்டு. வெப்ப இயக்கம் கனமான அணுவையும் லேசான அணுவையும் ஒரே மாதிரி நடத்தாது. ஒரே வெப்பநிலையில் ஹைட்ரஜன் வேகமாக ஓடும், 16 மடங்கு கனமான ஆக்சிஜன் அதில் நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடும். ஆனால் திரள் திரளாகப் போகும்போது இரண்டும் ஒன்றாகத்தான் போகும். பேருந்து போனால் உள்ளே இருக்கும் குழந்தையும் பெரியவரும் ஒரே வேகத்தில் போவதுபோல.

ஒரு கணக்கு. மார்கழி இரவில் கிழக்கே எழும் ஓரியன் நெபுலாவைப் போல 10,000 கெல்வினில் ஒரு வாயு என்று கொள்வோம். அகலத்தை வேகமாகவே எழுதலாம். ஹைட்ரஜனின் வெப்ப அகலம் நொடிக்கு 21.5 கிலோமீட்டர், ஆக்சிஜனுக்கு 5.4. கொந்தளிப்பு இரண்டுக்கும் பொதுவாக 15 என்று வைப்போம். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஹைட்ரஜன் கோட்டின் மொத்த அகலம் 26.2, ஆக்சிஜன் கோட்டுக்கு 15.9.

இப்போது ஒருவர் ஆக்சிஜன் கோட்டை மட்டும் அளந்து, எல்லாம் வெப்பம்தான் என்று நம்பினால் 88,000 கெல்வின் என்று சொல்வார். ஹைட்ரஜனை மட்டும் அளந்தவர் 15,000 சொல்வார். ஒரே வாயுவுக்கு இரண்டு வெப்பநிலை. அப்படி விடை முரண்பட்டாலே கொந்தளிப்பு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு அகலங்களின் வர்க்கங்களைக் கழித்துப் பாருங்கள்: 687ல் 254 போக 433. கொந்தளிப்பு இரண்டிலும் ஒன்றே என்பதால் கழிந்துபோய்விட்டது. மிச்சமிருக்கும் 433 ஹைட்ரஜனின் வெப்ப அகல வர்க்கத்தில் 16ல் 15 பங்கு. அதிலிருந்து 462, அதன் மூலம் 21.5, வெப்பநிலை 10,000 கெல்வின். சரியாகத் திரும்பி வந்துவிட்டது. இந்த வழியை முதல்முதலில் படித்த அன்று நான் தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

நமக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. இப்படிப்பட்ட தொலைநோக்கியில் பொருத்தும் நிறமாலைமானியின் பிரிதிறன் 60,000 என்றால், அதாவது அலைநீளத்தில் 60,000ல் ஒரு பங்கு வித்தியாசம் வரை அது பிரித்துக் காட்டும் என்றால், கருவியின் சொந்த அகலம் நொடிக்கு 5 கிலோமீட்டர். ஹைட்ரஜனின் 21.5 அதற்குத் தாராளமாக அகப்படும். ஆக்சிஜனின் 5.4 கருவியின் அகலத்தோடு ஏறக்குறைய சமம், அதனால் கழிப்பதில் மிகக் கவனம் வேண்டும்.

வெப்பத்தால விரியுதுன்னா, குளிர வெச்சா மெலியணுமே? யாராவது செஞ்சிருக்காங்களா?

உலகம் முழுக்க மீட்டரை வரையறுத்ததே அப்படித்தான். 1960 முதல் 1983 வரை ஒரு மீட்டர் என்பது கிரிப்டான்-86 அணுவின் ஆரஞ்சுக் கோட்டின் 16,50,763.73 அலைநீளங்கள். அந்த அலைநீளம் 605.78 நானோமீட்டர். அளவுகோலாகும் கோடு மெலிந்து இருந்தால்தான் அதன் நடுவைத் துல்லியமாகக் குறிக்க முடியும்.

நம் சூத்திரத்தை வைத்தே அந்தத் தேர்வைப் புரிந்துகொள்ளலாம். M பெரிதாக இருக்க வேண்டும், கிரிப்டானுக்கு 86. அணுக்கருச் சுழற்சி இருக்கக் கூடாது, இருந்தால் சோடியத்தைப் போலக் கோடு பிளக்கும். கிரிப்டான்-86க்குச் சுழற்சி பூஜ்யம். அப்புறம் T சிறிதாக இருக்க வேண்டும். அதனால் விளக்கையே நைட்ரஜன் உறையும் 63 கெல்வினில், அதாவது மைனஸ் 210 டிகிரி செல்சியஸில், அமிழ்த்தி வைத்தார்கள். அறை வெப்பநிலையில் 0.0008 நானோமீட்டராக இருக்கும் அகலம் அங்கே 0.0004க்குக் கீழே இறங்கியது. வெப்பநிலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கானது, அகலம் பாதிக்குக் கொஞ்சம் கீழே போனது. வர்க்கமூலம் அங்கேயும் விடவில்லை.

அப்படின்னா முழுசா குளிர வெச்சா அகலம் பூஜ்யமாகிடுமா?

ஆகாது. அணு கிளர்ந்த நிலையில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அதைப் பொறுத்து ஒரு இயற்கை அகலம் எப்போதும் மிஞ்சும். சோடியத்தின் மஞ்சள் நிலையின் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் 16 பங்கு, அதற்குரிய அகலம் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ். 500 கெல்வினில் உள்ள டாப்ளர் அகலமான 1,700 மெகாஹெர்ட்ஸில் அது 170ல் ஒரு பங்கு.